இரண்டு பக்கமும் பிளஸ், கீழே வர்க்கம், ஆனால் புத்தகத்தில் வேறு விடை: அச்சுப்பிழையா?

மாலைவகுப்பு · மார்ச் 3, இரவு 9.50

பல வருடங்களுக்குப் பிறகு நுண்கணிதத்தைத் தூசி தட்டி எடுத்திருக்கிறேன். எல்லைகள் பாடத்தில் இந்தக் கணக்கில் ஒரு மணி நேரமாக உட்கார்ந்திருக்கிறேன்.

```
f(x) = (x² − 5x + 6) / ((x − 2)²(x + 1))
```

x = 2-இல் இடப்பக்க எல்லை என்ன, வலப்பக்க எல்லை என்ன, இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்பது கேள்வி. பகுதி 2-இலும் −1-இலும் பூச்சியமாகிறது, அதனால் எண்கோட்டில் அந்த இரண்டையும் குறித்தேன். மூன்று துண்டுகள் கிடைத்தன, துண்டுக்கு ஓர் எண் எடுத்துப் போட்டுப் பார்த்தேன். −2 போட்டால் −1.25, 1 போட்டால் 1, 4 போட்டால் 0.1. ஆக 2-க்கு இடப்பக்கமும் பிளஸ், வலப்பக்கமும் பிளஸ். போதாததற்கு (x − 2)-க்கு மேலே வர்க்கம் வேறு இருக்கிறது, வர்க்கம் குறி மாறாது. எனவே இரண்டு பக்கமும் +∞ என்று எழுதினேன்.

புத்தகத்தின் பின்பக்கத்தில் இடப்பக்கம் +∞, வலப்பக்கம் −∞ என்று போட்டிருக்கிறார்கள். இரண்டு வழியில் சரிபார்த்து இரண்டிலும் ஒரே விடை வந்திருக்கிறது. அச்சுப்பிழை என்றுதான் நினைக்கிறேன். யாராவது உறுதி செய்ய முடியுமா?

வேகக்கணக்கு · மார்ச் 3, இரவு 10.04

அச்சுப்பிழைதான். கீழே இரட்டை அடுக்கு என்றால் இரண்டு பக்கமும் ஒரே திசை, ஒற்றை அடுக்கு என்றால் எதிரெதிர் திசை. அட்டவணையே தேவையில்லை, அடுக்கைப் பார்த்தாலே பத்து நொடியில் விடை. அடுத்த கணக்குக்குப் போங்கள்.

தூக்கமில்லாதவன் · மார்ச் 3, இரவு 11.38

2.1 போட்டுப் பார்த்தேன். −2.9 வருகிறது. புத்தகம் சொல்வதுதான் சரி போலிருக்கிறதே?

மாலைவகுப்பு · மார்ச் 3, இரவு 11.52

நானும் இப்போது போட்டேன். 1.9-க்கு 3.79, 2.1-க்கு −2.90. 1.99-க்கு 33.8, 2.01-க்கு −32.9. அப்படியென்றால் 4-இல் பிளஸ் எப்படி வந்தது? 2-க்கு வலப்பக்கம் முழுவதும் ஒரே துண்டுதானே? தலை சுற்றுகிறது, நாளை பார்க்கிறேன்.

அடைப்புக்குறி · மார்ச் 4, காலை 6.15

அச்சுப்பிழை இல்லை. நீங்கள் இரண்டு தவறு செய்திருக்கிறீர்கள், அந்த இரண்டும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்லிவிட்டன. ஒன்றை மட்டும் செய்திருந்தால் விடைகள் முட்டிக்கொண்டிருக்கும், நீங்களே சந்தேகப்பட்டிருப்பீர்கள்.

முதலில் அட்டவணை. பகுதியின் பூச்சியங்களை மட்டும் கோட்டில் குறித்திருக்கிறீர்கள். தொகுதியின் பூச்சியங்கள் எங்கே? x² − 5x + 6 என்பது (x − 2)(x − 3). சார்பு 3-இல் பூச்சியமாகிறது, அங்கே குறி மாறுகிறது. நீங்கள் எடுத்த 4 அந்த 3-க்கு அப்பால் நிற்கிறது. 2-க்கு வலப்பக்கத்தில் ஒட்டி என்ன நடக்கிறது என்று கேட்டுவிட்டு, நடுவில் ஒரு வாசல் தாண்டி அடுத்த அறையில் போய்ப் பார்த்திருக்கிறீர்கள். துண்டுக்கு ஒரே ஓர் எண் போதும் என்பதற்குக் காரணமே அந்தத் துண்டுக்குள் சார்பு தொடர்ச்சியாகவும் பூச்சியமாகாமலும் இருக்கிறது என்பதுதான். தொடர்ச்சியான சார்பு பூச்சியத்தைத் தொடாமல் பிளஸ்ஸிலிருந்து மைனஸுக்குப் போக முடியாது, 1817-இல் போல்சானோ நிறுவிய விஷயம் இது. கோட்டில் ஒரு பூச்சியத்தை விட்டுவிட்டால் அந்த உத்தரவாதம் போய்விடுகிறது.

ஒழுங்காகப் போட்டால் இப்படி வரும்:

```
          −1          2          3
    −      |    +     |    −     |    +
```

(2, 3) துண்டில் 2.5 போடுங்கள்: மேலே −0.25, கீழே 0.25 × 3.5 = 0.875. விடை மைனஸ்.

இரண்டாவது தவறு அந்த வர்க்கம். கீழே (x − 2)² இருக்கிறது, உண்மை. ஆனால் மேலேயும் ஒரு (x − 2) ஒளிந்திருக்கிறது. ஒன்றை அடித்தால் மிச்சம்

```
(x − 3) / ((x − 2)(x + 1)),   x ≠ 2
```

இப்போது கீழே ஒற்றை அடுக்கு. 2-க்கு அருகில் x − 3 ஏறக்குறைய −1, x + 1 ஏறக்குறைய 3, இவை இரண்டும் பக்கம் மாறினாலும் குறி மாறாது. மாறுவது x − 2 மட்டுமே. இடப்பக்கம் அது மைனஸ், மைனஸை மைனஸால் வகுத்தால் பிளஸ், +∞. வலப்பக்கம் அது பிளஸ், எனவே −∞.

வேகக்கணக்கு சொன்ன விதி சுருக்கிய பிறகு மட்டும்தான் செல்லும். சுருக்காமல் அடுக்கைப் பார்த்தால் இதே கதிதான்.

வேகக்கணக்கு · மார்ச் 4, காலை 8.20

சரி, தொகுதியைப் பார்க்கவில்லை. அச்சுப்பிழை என்றதை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் விதி விதிதான். சுருக்கிவிட்டுப் பாருங்கள் என்று சேர்த்துக்கொண்டால் பத்து நொடி பதினைந்து நொடி ஆகும், அவ்வளவுதான்.

நீலமை · மார்ச் 4, பிற்பகல் 1.10

எனக்கும் இதே பிரச்சினை! என்னுடையது (x² − 4)/(x − 2). பகுதி 2-இல் பூச்சியம். −2, 2 இரண்டையும் குறித்தேன், இந்த முறை தொகுதியையும் விடவில்லை. 0 போட்டால் 2, 3 போட்டால் 5. இரண்டு பக்கமும் பிளஸ். அப்போது இரண்டு பக்கமும் +∞, ஒத்துப்போகிறது, சரிதானே? ஆனால் விடை 4 என்கிறார்கள். இங்கேயும் ஏதாவது துண்டு விட்டுப்போயிற்றா?

தூக்கமில்லாதவன் · மார்ச் 4, பிற்பகல் 2.47

அதில் தொலைத்தொடுகோடே இல்லையே. மேலும் கீழும் அடித்தால் x + 2, நேர்கோடு. நடுவில் ஒரு ஓட்டை, அவ்வளவுதான்.

அடைப்புக்குறி · மார்ச் 4, இரவு 7.30

நீலமை, உங்கள் அட்டவணை சரி. அதனிடம் கேட்ட கேள்விதான் தப்பு. குறி அட்டவணைக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று, சார்பு கோட்டுக்கு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்பது. எவ்வளவு உயரத்தில் என்பது அதற்குத் தெரியாது. 4-ஐ நோக்கிப் போவதும் பிளஸ், நாற்பது கோடியைத் தாண்டிப் போவதும் பிளஸ். எனவே சார்பு கட்டுக்கடங்காமல் பெருகுகிறது என்பதை முதலில் தனியாக முடிவு செய்ய வேண்டும். பெருகுகிறது என்று உறுதியானால், எந்தப் பக்கம் என்பதை அட்டவணை சொல்லும்.

முடிவு செய்வது சுலபம்தான். அந்தக் காரணி கீழே எத்தனை முறை, மேலே எத்தனை முறை என்று எண்ணுங்கள். கீழே அதிகமாக இருந்தால் தொலைத்தொடுகோடு. சமமாக இருந்தால் உங்கள் கணக்கைப் போல ஓட்டை. மேலே அதிகமாக இருந்தால் எல்லை பூச்சியம், அதுவும் ஓட்டைதான், x-அச்சின் மேல் கிடக்கும் ஓட்டை.

மாலைவகுப்பு · மார்ச் 4, இரவு 9.15

மறுபடி முதலிலிருந்து போட்டேன். 3-ஐக் கோட்டில் சேர்த்ததும் எல்லாம் இடத்தில் உட்கார்ந்தது. நேற்று ஏன் சேர்க்கவில்லை என்று யோசித்தேன். பகுதி பூச்சியமாகும் இடத்தில்தான் பிரச்சினை என்று மனதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, தொகுதி பூச்சியமானால் விடை பூச்சியம், அதில் என்ன ஆபத்து என்று விட்டுவிட்டேன். ஆபத்து 3-இல் இல்லை, 3-க்கு அந்தப் பக்கத்தில் இருந்து 2-ஐப் பற்றிப் பேசியதில் இருக்கிறது.

இப்போது ஒன்று கவனித்தேன், சரியா என்று சொல்லுங்கள். சுருக்காமலேயே எண்ணினால் என்ன? (x − 2) மேலே 1 முறை, கீழே 2 முறை, மொத்தம் 3. மூன்று ஒற்றைப்படை, குறி மாறுகிறது. சுருக்கினால் 1, அதுவும் ஒற்றைப்படை. நீலமையின் கணக்கில் மேலே 1, கீழே 1, மொத்தம் 2, குறி மாறவில்லை. ஆக மேலே கீழே என்று பார்க்காமல் மொத்தமாக எண்ணினால் போதும்!

அடைப்புக்குறி · மார்ச் 4, இரவு 9.40

சரிதான். ஒரு ஜோடியை அடிக்கும்போது மொத்தத்தில் 2 குறைகிறது, 2 குறைந்தால் ஒற்றை ஒற்றையாகவே இருக்கும், இரட்டை இரட்டையாகவே இருக்கும். குறியைப் பொறுத்தவரை ஒரு காரணி மேலே இருந்தாலும் கீழே இருந்தாலும் ஒன்றுதான், மைனஸால் பெருக்கினாலும் மைனஸ், வகுத்தாலும் மைனஸ்.

ஆனால் "போதும்" என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். மொத்த எண்ணிக்கை குறி மாறுகிறதா என்பதை மட்டும் சொல்லும். தொலைத்தொடுகோடு உண்டா என்பதற்குக் கீழே அதிகமா என்று பார்த்தே ஆக வேண்டும். நீங்களே உதாரணம் காட்டிய நீலமையின் கணக்கில் மொத்தம் 2, ஆனால் முடிவிலி எதுவும் இல்லை.

மாலைவகுப்பு · மார்ச் 4, இரவு 9.44

எடுத்துவிட்டேன். கூட்டல் குறிக்கு, கழித்தல் பெருக்கத்துக்கு. நோட்டில் எழுதிவிட்டேன்.

(பெருக்கம் என்றால் இங்கே சார்பு பெருகுவது. நாளைக்கு நானே படித்துவிட்டு எதைப் பெருக்குவது என்று தேடக் கூடாது.)

வேகக்கணக்கு · மார்ச் 5, காலை 7.55

இவ்வளவு எழுதுவதற்குப் பதில் வேவி கர்வ் முறையைப் பிடித்துக்கொள்ளுங்கள். எல்லாப் பூச்சியத்தையும் கோட்டில் குறித்துவிட்டு, வலது ஓரத்தில் பிளஸ் என்று தொடங்கி இடதுபக்கமாக ஓர் அலை போடுங்கள். ஒற்றை எண்ணிக்கை உள்ள புள்ளியில் கோட்டைக் கடக்கும், இரட்டை உள்ள இடத்தில் தொட்டுவிட்டுத் திரும்பும். எண் எதையும் போட்டுப் பார்க்கவே தேவையில்லை. மேலே உள்ள கணக்குக்கு: 3-க்கு வலது பிளஸ், 3-இல் கடந்து மைனஸ், 2-இல் மொத்தம் மூன்று, கடந்து பிளஸ், −1-இல் கடந்து மைனஸ். அட்டவணை தயார்.

அடைப்புக்குறி · மார்ச் 5, காலை 8.30

முறை நல்ல முறைதான். "வலது ஓரத்தில் பிளஸ்" என்பதில்தான் பள்ளம். இதைப் போடுங்கள்:

```
g(x) = (x − 1)³(4 − x) / ((x − 1)⁵(x + 2)²)
```

x = 1-இலும் x = −2-இலும் என்ன நடக்கிறது?

வேகக்கணக்கு · மார்ச் 5, காலை 8.41

4-க்கு வலது பிளஸ். 4-இல் கடந்து மைனஸ். 1-இல் மொத்தம் எட்டு, திரும்பும், மைனஸ். −2-இல் இரண்டு, திரும்பும், மைனஸ். 1-இலும் −2-இலும் கீழே அதிகம், எனவே தொலைத்தொடுகோடு. இரண்டு இடத்திலும் இரண்டு பக்கமும் −∞. முடிந்தது.

தூக்கமில்லாதவன் · மார்ச் 5, காலை 8.58

g(0) போட்டேன். மேலே (−1) × 4 = −4. கீழே (−1) × 4 = −4. விடை 1. பிளஸ். தூங்கப் போகிறேன்.

அடைப்புக்குறி · மார்ச் 5, காலை 9.20

(4 − x) திருப்பி எழுதப்பட்டிருக்கிறது. வலது ஓரத்தில் x = 5 போட்டால் அது −1, அங்கே g மைனஸ்தான். எல்லாக் காரணியும் (x − a) வடிவில் இருந்து, முன்னால் நிற்கும் எண்ணும் பிளஸ்ஸாக இருந்தால் மட்டுமே வலது ஓரம் பிளஸ். திருப்பி எழுதிய காரணி ஒற்றை எண்ணிக்கையில் இருந்தால் அட்டவணை முழுவதும் தலைகீழாகும். சரியான விடை 1-இலும் −2-இலும் இரண்டு பக்கமும் +∞.

வேகக்கணக்கு · மார்ச் 5, காலை 9.33

ஆனால் கேள்வி என்ன? இரண்டு பக்கமும் ஒத்துப்போகின்றனவா என்பது. ஒத்துப்போகின்றன என்றுதானே சொன்னேன். திசை தப்பு, ஒற்றுமை சரி.

அடைப்புக்குறி · மார்ச் 5, காலை 9.50

அதை மறுக்க முடியாது. அட்டவணை முழுவதும் தலைகீழானால் இரண்டு பக்கமும் சேர்ந்தே தலைகீழாகும், ஒத்துப்போனவை ஒத்துப்போகும், முரண்பட்டவை முரண்படும். ஆனால் விடைத்தாளில் "ஒத்துப்போகின்றன, எங்கே என்று தெரியாது" என்று எழுதினால் யார் மதிப்பெண் போடுவார்கள்? ஒரே ஓர் எண்ணைப் போட்டு அலையைத் தொடங்குங்கள், கோட்டில் குறிக்காத எந்தப் புள்ளியும் சரி. இங்கே g(0) = 1. அங்கிருந்து இரு பக்கமும் அலையை இழுத்துக்கொள்ளலாம்.

தூக்கமில்லாதவன் · மார்ச் 6, இரவு 12.25

இவ்வளவு பேசியும் எனக்குப் புரியாத ஒன்று. அட்டவணை எதற்கு? 1.99, 2.01 போட்டால் விடை தெரிந்துவிடுகிறதே. முதல் கணக்கில் நான் அப்படித்தான் கண்டுபிடித்தேன்.

மாலைவகுப்பு · மார்ச் 6, காலை 6.40

நானும் அப்படித்தான் நினைத்தேன், நேற்றிரவு சும்மா ஒன்றை உருவாக்கிப் பார்க்கும்வரை.

```
h(x) = (x − 2.001) / (x − 2)
```

1.99 போடுங்கள்: −0.011-ஐ −0.01-ஆல் வகுத்தால் 1.1. 2.01 போடுங்கள்: 0.009-ஐ 0.01-ஆல் வகுத்தால் 0.9. இரண்டு பக்கமும் பிளஸ், இரண்டும் 1-க்கு அருகில். இதைப் பார்த்து எல்லை 1 என்று எழுதிவிட்டுப் போய்விடலாம். ஆனால் 2.0001 போட்டால் −9, 1.9999 போட்டால் 11. அதாவது 2-க்கும் 2.001-க்கும் நடுவில் மட்டும் மைனஸ். அட்டவணை போட்டால் அந்தக் குட்டித் துண்டு முதலிலேயே தெரிந்துவிடும், இடப்பக்கம் +∞, வலப்பக்கம் −∞. எவ்வளவு நெருங்கினால் போதும் என்று எண்ணைப் போட்டுப் பார்ப்பவருக்குத் தெரியாது, பூச்சியங்களைக் குறித்தவருக்குத் தெரியும்.

முதல் நாள் நான் செய்த அதே தவறுதான் இது. அன்று 3-ஐத் தாண்டி 4-இல் நின்றேன், இங்கே 2.001-ஐத் தாண்டி 2.01-இல் நிற்கிறோம். நெருக்கமாக நின்றால் தப்பிக்கலாம் என்று எண்ணியதுதான் கூடுதல் ஏமாற்றம்.

தூக்கமில்லாதவன் · மார்ச் 6, காலை 7.02

வரைபடக் கருவியில் போட்டேன். சாதாரணமாகப் பார்த்தால் y = 1 என்று ஒரு நேர்கோடுதான் தெரிகிறது, 2-இல் ஒரு சின்ன முடி மாதிரி ஏதோ. சரி, தோற்றேன்.

நீலமை · மார்ச் 6, மாலை 5.30

ஒரு சந்தேகம். g(x)-க்கு x = 1-இல் இரண்டு பக்கமும் +∞ என்றால், எல்லை இருக்கிறது என்று சொல்லலாமா? இரண்டும் ஒத்துப்போனால் எல்லை உண்டு என்றுதானே படித்தோம்?

வேகக்கணக்கு · மார்ச் 6, மாலை 5.48

உண்டு. எல்லை = +∞.

அடைப்புக்குறி · மார்ச் 6, மாலை 6.20

மெய்யெண்களுக்குள் நின்று பேசினால் இல்லை. முடிவிலி ஒரு மெய்யெண் அல்ல. "= +∞" என்று எழுதுவது எல்லை எப்படி இல்லாமல் போகிறது என்பதைச் சொல்லும் ஒரு குறியீடு.

வேகக்கணக்கு · மார்ச் 6, மாலை 6.31

சம அடையாளம் போட்டுவிட்டு இல்லை என்பது எந்த ஊர் நியாயம்? +∞, −∞ இரண்டையும் கோட்டின் நுனிகளில் சேர்த்துக்கொண்டு எழுதும் புத்தகங்கள் இருக்கின்றன, அங்கே எல்லை தாராளமாக இருக்கிறது.

அடைப்புக்குறி · மார்ச் 6, மாலை 6.55

இருக்கின்றன. இரண்டு நுனிகளையும் ஒட்டி ஒரே ∞ ஆக்கி, கோட்டை வட்டமாக்கிப் பேசுபவர்களும் இருக்கிறார்கள். அங்கே முதல் கணக்கின் இரண்டு பக்கமும்கூட ஒத்துப்போய்விடும், மாலைவகுப்புக்கு முழு மதிப்பெண். எந்த உலகத்தில் நிற்கிறோம் என்று புத்தகம் முன்பே சொல்லியிருக்க வேண்டும். நான் மாணவர்களிடம் சொல்வது, ஒருபக்க எல்லை ஒவ்வொன்றையும் குறியோடு எழுது, பிறகு "உண்டு, இல்லை" பற்றி உன் புத்தகம் சொல்வதை எழுது.

மாலைவகுப்பு · மார்ச் 6, இரவு 9.05

முன்பு ஒரு தேர்வில் இதற்காகவே மதிப்பெண் போனது எனக்கு. குறி இல்லாமல் வெறும் ∞ என்று எழுதியிருந்தேன். எல்லை இல்லை என்று எழுதிய நண்பனுக்கு முழு மதிப்பெண், +∞ என்று எழுதிய இன்னொருவனுக்கும் முழு மதிப்பெண். இன்றுவரை புரியாமல் இருந்தது. வட்டத்தில் நின்று எழுதியிருக்கிறேன் போல.

வேகக்கணக்கு · மார்ச் 6, இரவு 9.20

நான் இன்னும் எல்லை உண்டு என்றுதான் சொல்வேன்.

நீலமை · மார்ச் 7, காலை 10.15

கடைசியாக ஒன்று. பகுதியில் x − 2-இன் கனமூலத்தின் வர்க்கம் இருந்தால், அதாவது அடுக்கு 2/3 என்றால், அது ஒற்றையா இரட்டையா?

அடைப்புக்குறி · மார்ச் 7, காலை 11.40

இரண்டும் இல்லை. அது விகிதமுறு சார்பே இல்லை, எண்ணிக்கை விதி முழு எண் அடுக்குகளுக்குத்தான். அங்கே கனமூலம் x − 2-இன் குறியையே எடுத்துக்கொள்ளும், வர்க்கம் அதை பிளஸ்ஸாக்கிவிடும், எனவே பகுதி இரண்டு பக்கமும் பிளஸ். இப்படி ஒவ்வொன்றாகக் கையால்தான் பார்க்க வேண்டும். மூலங்களுக்குத் தனி இழை போடுங்கள், அதில் சதுரமூலம் வந்தால் ஒரு பக்கமே காணாமல் போகும், அது வேறு வேடிக்கை.